கூட்டத்துக்கு வராத குழு நண்பனைப் பற்றி மதிப்பீட்டுத் தாளில் என்ன எழுதுவது?

வைகைமதி | செவ்வாய், காலை 9.12

வணக்கம். நான் மதுரையில் எம்பிஏ முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கள ஆய்வு செய்தோம். மல்லிகைப்பூவுக்கு விவசாயி கையில் கிடைக்கும் விலை என்ன, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விற்கும் விலை என்ன, நடுவில் என்னென்ன கழிகிறது என்பதுதான் தலைப்பு. அறிக்கை கொடுத்தாயிற்று. இப்போது ஒவ்வொருவரும் மற்ற நான்கு பேரைப் பற்றி மதிப்பீட்டுத் தாள் நிரப்ப வேண்டும்.

தாளில் நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண்: கூட்டத்துக்கு வருவது, சொன்ன நாளில் வேலையைக் கொடுப்பது, வேலையின் தரம், ஒத்துழைப்பு. கீழே கருத்து எழுத ஒரு கட்டம், தமிழிலும் எழுதலாம். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கருத்தை மட்டும் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மூன்று பேருக்கு எழுதி முடித்துவிட்டேன். நான்காவது ஆளிடம்தான் நிற்கிறேன். எட்டுக் கூட்டம் போட்டோம், அவன் நான்குக்கு வரவில்லை. கடைசிக் கட்டத்தில் எனக்கும் இன்னொரு தோழிக்கும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்றுமே செய்யாதவன் என்றும் சொல்ல முடியாது. நேற்று ராத்திரி எழுதியது இது:

"பொறுப்பு இல்லை. பெரும்பாலான கூட்டங்களுக்கு வரவே இல்லை. குழுவைப் பற்றி அக்கறை இல்லாமல் நடந்துகொண்டார். அவர் வேலையையும் நாங்களே பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் நல்ல மனிதர்."

மதிப்பெண் வரிசையாக 4, 4, 5, 4. மொத்தம் 40-க்கு 17. காலையில் எழுந்து படித்தால் எனக்கே உறுத்துகிறது. அவனுக்கும் நியாயமாக இருக்க வேண்டும், நாங்கள் பட்ட சிரமத்தையும் மறைக்கக் கூடாது. எப்படி எழுதுவது?

டவுன்ஹால்ரோடு குமரன் | செவ்வாய், காலை 9.40

எங்கள் ஆபீஸில் அப்ரைசல் எழுதும்போது ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் நல்லது ஒன்று, நடுவில் குறை, கடைசியில் மறுபடி நல்லது ஒன்று. படிப்பவருக்கு மனசு நோகாது. உங்கள் குறிப்பில் முதல் வரியே அடி மாதிரி விழுகிறது. "நன்றாகப் பழகுவார், கூட்டங்களுக்கு இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம், நல்ல திறமைசாலி" என்று மாற்றுங்கள். ஆள் உடையாமலும் இருப்பார், விஷயமும் போய்ச் சேரும்.

மேலூர்க்காரன் | செவ்வாய், காலை 10.05

தங்கச்சி, இவ்வளவு யோசிக்க இதில் என்ன இருக்கிறது? மூன்றாவது கூட்டத்திலேயே ஆளை மாற்றச் சொல்லி மேடத்திடம் போயிருக்க வேண்டும். எங்கள் பாலிடெக்னிக்கில் லேத் ப்ராஜெக்டில் இப்படி ஒருவன் இருந்தான். நாங்கள் எழுதிக் கொடுத்து வேறு குழுவுக்கு அனுப்பினோம். அங்கே போய் ஒழுங்காக வேலை பார்த்தான்.

வைகைமதி | செவ்வாய், காலை 10.18

அண்ணே, ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. ஆளை மாற்றுவது இப்போது கேள்வி இல்லை, தாளில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி.

குமரன் சார், நீங்கள் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்" என்று எழுதினால் நடந்தது எதுவுமே அதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், மதியம் 2.30

அம்மா மதி, இந்த மாதிரித் தாள்களை நான் இருபது வருஷத்துக்கு மேல் வாங்கிப் படித்திருக்கிறேன். உன் குறிப்பை வரிக்கு வரி பார்க்கலாம்.

"பெரும்பாலான கூட்டங்களுக்கு வரவே இல்லை." எட்டில் நான்கு என்று நீயே சொல்கிறாய். அது சரி பாதி. பெரும்பாலும் என்றால் பாதிக்கு மேல். கோபத்தில் எழுதினால் எல்லாருக்கும் இது நடக்கும், கடைசியில் வராத இரண்டு நாள் மனதில் பெரிதாக நிற்கும், முன்னால் வந்த நாட்கள் மறந்துபோகும். அந்தப் பையன் தாளைப் படித்ததும் முதலில் பிடிப்பது இந்தத் தவறைத்தான். "நான் நாலு கூட்டத்துக்கு வந்தேனே" என்பான். அப்புறம் நீ எழுதிய உண்மை எதுவும் அவன் காதில் ஏறாது.

"பொறுப்பு இல்லை", "அக்கறை இல்லை." இவை இரண்டும் அவன் மனசுக்குள் இருப்பதைப் பற்றிய தீர்ப்பு. உனக்குத் தெரிந்தது அவன் வந்தானா, சொன்னானா, கொடுத்தானா என்பதுதான். ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியாது. நாம் வராமல் போனால் பஸ் லேட், வீட்டில் வேலை என்று சூழ்நிலையைச் சொல்வோம். அடுத்தவன் வராமல் போனால் குணம் என்போம். தாளைப் படிக்கும் ஆசிரியருக்கும் "பொறுப்பு இல்லை" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. சரிபார்க்க வழி இல்லாத வாக்கியம் அது.

"அவர் வேலையையும் நாங்களே பார்க்க வேண்டியிருந்தது." இதுதான் உன் குறிப்பிலேயே முக்கியமான வரி, அதைத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டாய். எந்த வேலை? யார் பார்த்தார்கள்? எத்தனை மணி நேரம்? இது இல்லாவிட்டால் வராதது வெறும் வருகைப் பதிவேட்டுக் குறைதான். வராததால் என்ன நின்றது என்பதைச் சொன்னால்தான் கூட்டத்துக்கு ஏன் வரவேண்டும் என்பது அவனுக்கே விளங்கும்.

"ஆனாலும் நல்ல மனிதர்." இதை எடுத்துவிடு. சமநிலை என்றால் ஒரு குறைக்கு ஒரு புகழ்ச்சி என்று தராசு பிடிப்பது இல்லை. அவன் உண்மையில் செய்த வேலை ஒன்று இருந்தால், குறையைச் சொன்ன அதே துல்லியத்தோடு அதையும் சொல்ல வேண்டும். குமரன் சொன்னதில் பாதி சரி, நல்லதும் இடம்பெற வேண்டும்தான். ஆனால் இரண்டு பக்கமும் பொதுவான புகழ்ச்சியை வைத்து நடுவில் குறையை ஒளித்தால், படிப்பவன் ஓரத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவான்.

எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய். வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, எட்டுக் கூட்டத்துக்கும் எப்போது தகவல் போட்டீர்கள், யார் வந்தார்கள், யார் முன்கூட்டிச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுது. ஞாபகத்தை நம்பாதே.

உசிலை செல்வி | செவ்வாய், மாலை 6.10

நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கூட்டத்துக்கு வராத ஆள் நான்தான், 2016-ல். அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பகலில் வார்டில் இருந்துவிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போவேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வந்த கருத்து ஒரே வரி: "ஈடுபாடு இல்லாதவர்." அதை ரொம்ப நாள் சுமந்தேன். இன்றைக்கு யோசித்தால், அவர்கள் கோபப்பட்டது தப்பு இல்லை. என் பங்கு நான் தட்டச்சு செய்ய வேண்டிய இரண்டாம் அத்தியாயம். அதை யாரோ ஒருத்தி உட்கார்ந்து செய்திருக்கிறாள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இரண்டாம் அத்தியாயத்தை இன்னார் இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்தார்" என்று எழுதியிருந்தால் நேராகப் போய் நன்றி சொல்லியிருப்பேன், மன்னிப்பும் கேட்டிருப்பேன். "ஈடுபாடு இல்லாதவர்" என்பதற்கு யாரிடம் போய் என்ன கேட்பது?

மதி, எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். தாளில்தான் முதல்முறையாகத் தெரிய வேண்டும் என்று வைக்காதீர்கள்.

வைகைமதி | புதன், காலை 7.50

வாத்தியார் சொன்னபடி ராத்திரி உட்கார்ந்து வாட்ஸ்அப்பை முழுக்கப் பார்த்தேன். எனக்கே அதிர்ச்சி.

1, 2, 4, 8 ஆகிய கூட்டங்களுக்கு வந்திருக்கிறான். மூன்றாவதற்கு வரமுடியாது என்று முதல் நாள் மாலையே போட்டிருக்கிறான், நாங்கள் யாரும் பதில்கூடப் போடவில்லை. ஐந்தாவதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் 5 மணிக்கு என்று இருந்த கூட்டத்தை அதே நாள் காலை 7 மணிக்கு என்று மாற்றினோம். மாற்றிய செய்தி முதல் நாள் ராத்திரி 10.40-க்குப் போயிருக்கிறது. அனுப்பியது நான். அவன் ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வீட்டில் மல்லிகைத் தோட்டம். மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்தாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே எல்லாரும் செடியில் நிற்பார்கள். இந்த வெயில் மாதங்களில்தான் பூ அதிகம். பறிப்பை முடித்துவிட்டு ஆரப்பாளையத்தில் இறங்கி வர 9 மணிக்கு மேல் ஆகும். இது குழுவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் 7 மணிக்கு வைத்திருக்கிறோம்.

ஆனால் 6, 7 இரண்டுக்கும் ஒரு தகவலும் இல்லை. இரண்டும் சாயங்காலக் கூட்டம்தான். ஆறாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. மொத்தம் 40 கேள்வித்தாள். 26 நாங்கள் மார்க்கெட்டில் வியாபாரிகளிடம் எடுத்தது, 14 அவன் விவசாயிகளிடம் எடுத்தது. அந்தக் கூட்டத்தில் 40-ஐயும் சேர்த்து அட்டவணை போட வேண்டும். புதன்கிழமை தாள்கள் வரவில்லை, போன் எடுக்கவில்லை. 26-ஐ வைத்துப் போட்டு முடித்தோம். வெள்ளி ராத்திரி அவன் தாள்கள் வந்தன, சனிக்கிழமை நானும் தோழியும் முதலிலிருந்து போட்டோம். ஐந்து மணி நேரம். ஏழாவது கூட்டம் ஒத்திகை. அவன் பேச வேண்டிய பகுதியை இன்னொருவர் அவசரமாகப் படித்துத் தயாரானார்.

அப்புறம் அந்த 14 தாள்களையும் நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் 26-ல் ஏழெட்டுத் தாளில் கேள்விகள் காலியாகக் கிடக்கின்றன. அவன் தாளில் ஒன்றுகூடக் காலி இல்லை. மூலைகளில் பழுப்பாகப் பூச்சாறு பட்ட கறை. ஒன்பது தாளின் பின்பக்கம், பூ ஈரமாக இருந்தால் எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று விவசாயி சொன்னதைப் பென்சிலில் எழுதியிருக்கிறான். கேள்வித்தாளில் அந்தக் கேள்வியே இல்லை. எங்கள் அறிக்கையின் நான்காம் பகுதி முழுக்க அந்தப் பென்சில் குறிப்பிலிருந்து வந்ததுதான். மேடம் பாராட்டியதும் அந்தப் பகுதியைத்தான். அப்படிப்பட்ட வேலைக்குத் தரத்தில் 5 போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், காலை 11.20

அந்த 5-ஐப் பற்றித்தான் சொல்ல இருந்தேன், நீயே பிடித்துவிட்டாய். ஒரு தலைப்பில் வந்த கோபம் மற்ற மூன்றிலும் கசிந்துவிடுகிறது. 4, 4, 5, 4 என்று எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால், நான்கு கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு தலைப்பையும் தனியாக, மற்ற மூன்றையும் கையால் மறைத்துக்கொண்டு போடு.

இந்த எண் எங்கே போகிறது என்று மேடத்திடம் கேட்டாயா? பல இடங்களில் ஒருவருக்குக் கிடைத்த சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, வருவதைக் குழு மதிப்பெண்ணோடு பெருக்குவார்கள். காஃப்மன், ஃபெல்டர், ஃபுல்லர் என்ற மூன்று அமெரிக்க ஆசிரியர்கள் 2000-ல் இந்த முறையைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வகுத்து வரும் எண் யாருக்கும் 1.05-க்கு மேல் போகாமல் ஒரு வரம்பும் வைத்தார்கள்.

உன் குழுவுக்கு 80 கிடைத்தது என்று வைத்துக்கொள். மற்ற நான்கு பேருக்கும் சராசரி 34, இவனுக்கு எல்லாரும் உன்னைப் போல் 17 போட்டார்கள் என்றால் குழுச் சராசரி 30.6. 17-ஐ 30.6-ஆல் வகுத்தால் 0.56-க்குக் கொஞ்சம் கீழே. அவனுக்கு வருவது சுமார் 44. அதுவே 24 போட்டால் குழுச் சராசரி 32, வகுத்தால் 0.75, வருவது 60. தாளில் ஏழு மதிப்பெண் வித்தியாசம், அவன் கையில் பதினாறு.

வைகைமதி | புதன், மதியம் 1.05

மேடத்திடம் கேட்டேன். அதே முறைதான், வரம்பும் உண்டு. தேர்ச்சிக்கு 50 வேண்டும். நான் போட்ட 17-ஐ எல்லாரும் போட்டிருந்தால் அவன் இதில் தேறியிருக்க மாட்டான். அது என் எண்ணத்திலேயே இல்லை.

மேலூர்க்காரன் | புதன், மதியம் 1.30

அப்படியானால் பேசாமல் எல்லாருக்கும் 40-க்கு 40 போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லையே? எங்கள் செட்டில் கடைசியில் அப்படித்தான் பேசி வைத்துக்கொண்டோம்.

உசிலை செல்வி | புதன், மதியம் 2.10

அண்ணே, அப்படிப் போட்டால் சனிக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்த இரண்டு பெண்களின் வேலை எங்கே போகும்? அதுவும் நியாயம் இல்லையே.

டவுன்ஹால்ரோடு குமரன் | புதன், மாலை 5.45

நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், விவரம் இல்லாத புகழ்ச்சி வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பூப்பறிப்பு, தோட்டம், பஸ் நேரம் இதெல்லாம் தாளில் வர வேண்டாமா? வராவிட்டால் படிப்பவருக்கு அவன் சும்மா ஊர் சுற்றியவன் மாதிரித்தானே தெரியும்?

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், இரவு 8.15

காரணம் அவனுடையது. அவன் சொல்லச் சொன்னால் எழுதலாம். நீயாக எழுதினால் வீட்டு விஷயத்தை அடுத்தவர் முன்னால் விரித்தது மாதிரி ஆகும். ஐந்தாவது கூட்டம் வேறு. நேரத்தை மாற்றியது நீங்கள், அது உங்கள் செயல், அதை எழுதத்தான் வேண்டும்.

உசிலை செல்வி | புதன், இரவு 8.40

இதில் எனக்குச் சாருடன் முழுச் சம்மதம் இல்லை. என் விஷயத்தில் யாராவது ஒருத்தர் "ஆஸ்பத்திரியில் இருந்தார்" என்று எழுதியிருந்தால் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். சொல்லத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

வைகைமதி | வியாழன், இரவு 9.30

இன்று அவனிடம் பேசினேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில். வாட்ஸ்அப்பைப் பார்த்து எழுதிய தாளை அப்படியே காட்டினேன். ஐந்தாவது கூட்டத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் 6, 7 பற்றிச் சாக்குச் சொல்லவில்லை. "சொல்லியிருக்கணும். மூணாவதுக்கு சொன்னப்ப யாரும் கண்டுக்கல, அதான் சொன்னா என்ன சொல்லாட்டி என்னன்னு விட்டுட்டேன்" என்றான். அட்டவணையை இரண்டு தடவை போட்டோம் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாதாம். கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

தோட்ட வேலையை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். "பரிதாபப்பட்டுப் போட்ட மார்க்குன்னு ஆயிரும்" என்றான். ஆகவே எழுதவில்லை. செல்வி அக்கா சொன்னதும் மனதில் இருந்ததால்தான் கேட்டேன்.

எழுதியது இது:

"8 கூட்டங்களில் 4-க்கு வந்தார். 3-வதற்கு வர இயலாது என்று முதல் நாளே தெரிவித்தார். 5-வது கூட்டத்தின் நேரத்தை நாங்கள் முந்தைய இரவு 10.40-க்கு மாற்றினோம், எனவே அதை அவர் குறையாக எடுக்கவில்லை. 6, 7 இரண்டுக்கும் தகவல் இல்லை. 6-வது கூட்டத்துக்குத் தேவைப்பட்ட அவரது 14 கேள்வித்தாள்கள் புதனுக்குப் பதில் வெள்ளி இரவு வந்தன. அதனால் அட்டவணையை இருவர் மறுபடி போட்டோம், 5 மணி நேரம் ஆனது. 7-வது கூட்டத்தில் அவர் பகுதியை இன்னொருவர் தயார் செய்ய வேண்டியிருந்தது.

விவசாயிகளிடம் எடுத்த 14 தாள்களும் அவர் ஒருவரே எடுத்தவை. ஒரு கேள்வியும் விடுபடவில்லை. ஈரப் பூவின் எடைக் கழிவு பற்றி அவர் தாமாகக் கேட்டு எழுதிய குறிப்புகளிலிருந்துதான் அறிக்கையின் 4-ம் பகுதி உருவானது.

அடுத்த குழுவில், வர இயலாத நாளில் முதல் நாள் இரவு 8 மணிக்குள் ஒரு வரி தெரிவித்து, கையிலுள்ள தாள்களைப் படம் எடுத்து அனுப்பினால் மற்றவர் வேலை தடைப்படாது."

மதிப்பெண் 5, 4, 9, 6. மொத்தம் 24.

ஓய்வுபெற்ற வாத்தியார் | வியாழன், இரவு 10.05

நன்றாக வந்திருக்கிறது. கடைசி வரி நீ அவனிடம் கேட்பது, அவனால் நாளைக்கே செய்ய முடிந்த காரியம், அதனால் நிற்கும். வருகைக்கு 5 என்பதில் எனக்குச் சின்னத் தயக்கம். ஐந்தாவதைக் கழித்தால் ஏழில் நான்கு, ஒன்றுக்குத் தகவலும் சொல்லியிருக்கிறான். நானாக இருந்தால் 6 போடுவேன். ஆனால் அந்த அறையில் இருந்தவள் நீ.

வைகைமதி | வியாழன், இரவு 10.20

6 போட்டுப் பார்த்தேன் சார். தகவல் இல்லாத அந்த இரண்டு நாளும் நாங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது ஞாபகம் வருகிறது. 5-தான் என் கணக்கு.

டவுன்ஹால்ரோடு குமரன் | வெள்ளி, காலை 8.30

உங்கள் தோழி என்ன எழுதியிருக்கிறார்? அவரும் கோபத்தில் 17 போட்டால் சராசரி இறங்கிவிடுமே. அவரிடம் உங்கள் எண்ணைச் சொல்லி ஒரே மாதிரி போடச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | வெள்ளி, காலை 9.00

எண்ணைப் பேசி வைப்பது கூடாது. தனித்தனியாக எழுதச் சொல்வதே அதற்காகத்தான். கூட்டங்களின் பட்டியலையும் அந்த 14 தாள்களையும் தோழியிடம் காட்டலாம். அவை எல்லாருக்கும் பொதுவான விவரம்.

வைகைமதி | வெள்ளி, மதியம் 12.40

பட்டியலை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டு "10.40-க்கா அனுப்பினோம்?" என்று கேட்டாள். எண்ணை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் தாளைக் கொடுத்துவிட்டேன்.